கேள்வி எழும் இடத்திலேயே பதில்

கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மா மகள் ரவிக்கை தைப்பதில் கைதேர்ந்தவர். அண்மையில் அதையே எட்டு வார இணையவழி வகுப்பாகத் தொடங்கினார். கட்டணம் 380 ரிங்கிட். வகுப்பை விளக்க நீளமான ஒரு விற்பனைப் பக்கமும் தயாரித்தார்.

“பாக்குறவங்க நெறைய பேரு. பணம் கட்டாம புலனத்துல கேள்வி மட்டும் கேக்குறாங்க. நீ வானொலியில பேசுறவதானே, படிச்சுப் பாரேன்” என்றார்.

படித்தேன். எழுத்தில் பெரிய குறையில்லை. முதலில் அக்காவின் வாழ்க்கைக் கதை, அடுத்து மாணவிகளின் பாராட்டுகள், பாடப் பட்டியல், கட்டணம். கடைசியில் ‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ என்று பதினொன்று.

புலனத்தில் வந்த கேள்விகளை இருவரும் ஒரு நோட்டில் எழுதினோம். ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே பதில் இருந்தது. ஆனால், “தையல் மெஷினைத் தொட்டதே இல்லை, நான் சேரலாமா?” என்பதற்கான பதில் கடைசிப் பகுதியில் ஏழாவதாக இருந்தது. கைத்தொலைபேசியில் அவ்வளவு தூரம் யார் தள்ளிக்கொண்டு போவார்கள்?

நேர்காணலில் நான் கற்ற பாடம் இது. நேயர் மனத்தில் ஒரு சந்தேகம் எழுந்துவிட்டால், அது தீரும்வரை அடுத்துச் சொல்வது அவர் காதில் ஏறாது. விற்பனைப் பக்கமும் அப்படித்தான். ஆகவே, எந்தக் கேள்வி அதிகம் வந்தது என்று நாங்கள் எண்ணவில்லை. எந்தச் சந்தேகம் தீர்ந்தால்தான் அடுத்தது எழும் என்று பார்த்தோம். தன்னால் தைக்க முடியுமா என்றே தெரியாதவருக்கு, காணொளிகள் எத்தனை மாதம் இருக்கும் என்பது கவலையே இல்லை.

அப்படிப் பார்த்தபோது ஐந்து படிகள் கிடைத்தன. முதலில், ‘இது எனக்கானதா?’ புதியவர்கள் சேரலாம், வீட்டு மெஷின் போதும் என்பது மேலே வந்தது. இரண்டாவது, ‘முடிவில் எனக்கு என்ன வரும்?’ தன் அளவுக்கு லைனிங் வைத்த ரவிக்கை தைக்கலாம், ஆரி வேலைப்பாடு இதில் இல்லை என்று தெளிவாக எழுதினோம். அது வேண்டியவர் அங்கேயே விலகிவிடுவார். அது நல்லதுதான்.

மூன்றாவது, ‘திரை வழியாக உங்களிடம் கற்க முடியுமா?’ அக்காவின் கதை நான்கு வரியாகச் சுருங்கி இங்கே வந்தது. பாராட்டுகளை ஒரே குவியலாக வைக்காமல் பிரித்தோம். “கழுத்து மூணு தடவை சரியா வரல, படம் அனுப்புனேன், எங்க தப்புன்னு காட்டினாங்க” என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். ‘தவறினால் யார் பார்ப்பார்?’ என்ற சந்தேகம் எழும் இடத்தில் அதை வைத்தோம்.

நான்காவது நேரம். வாரம் மூன்று மணி நேரம், சனிக்கிழமை இரவு நேரலை, பதிவுகள் ஓராண்டு வரை. ஐந்தாவதுதான் கட்டணம். அதனுடன் தவணை முறை, துணிக்கு ஆகும் தனிச் செலவு, பணம் கட்டியதும் என்ன வரும் என்பதும் சேர்ந்தன.

“வெலைய மொதல்லயே கேக்குறாங்களே” என்றார் அக்கா. கிடைப்பது என்னவென்று தெரியாதவருக்கு 380 வெறும் எண். அதற்காக விலையை மறைத்தாலும் நம்பிக்கை போய்விடும். எனவே கட்டணப் பகுதியை இடம் மாற்றாமல், அங்கே நேராகச் செல்ல மேலே ஒரு சிறிய இணைப்பு மட்டும் வைத்தோம்.

பிறகு சோதனை. தையலே தெரியாத என் சக அறிவிப்பாளரை அழைத்து, பக்கத்தை வாய்விட்டுப் படித்தேன். சந்தேகம் வந்தால் உடனே நிறுத்தச் சொன்னேன். ஆறு முறை நிறுத்தினார். “துணியை நீங்களே வாங்க வேண்டும்” என்றதும், “எவ்வளவு ஆகும்?” என்றார். பதில் நான்கு பத்தி தள்ளி இருந்தது. அதை அடுத்த வரிக்குக் கொண்டுவந்தோம். இப்படியே மற்ற இடங்களையும் மாற்றி மீண்டும் படித்தபோது இரண்டு முறைதான் நிறுத்தினார்.

அந்த இரண்டில் ஒன்று, பக்கத்தில் பதிலே இல்லாத அந்தக் கேள்வி: “பிடிக்கவில்லை என்றால் பணம் திரும்புமா?” எந்த வரிசையும் இதற்கு உதவாது. அக்கா அதுவரை முடிவே எடுத்திருக்கவில்லை. எல்லாரும் திருப்பிக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இரண்டு நாள் யோசித்து, முதல் இரண்டு வாரங்களுக்குள் கேட்டால் முழுத் தொகையும் தருவதாக எழுதினார். கட்டணத்துக்குக் கீழேயே அதை வைத்தோம்.

புலனத்தில் கேள்விகள் நின்றுவிடவில்லை, மாறியிருக்கின்றன. முன்பு “நான் சேரலாமா?” என்றவர்கள், இப்போது “அடுத்த வகுப்பு எப்போ?” என்கிறார்கள். பக்கத்தில் பதில் இருந்தும் ஒரே கேள்வி இரண்டு முறை வந்தால், அந்தப் பதில் எந்த இடத்தில் இருக்கிறது என்றுதான் அக்கா இப்போது முதலில் பார்க்கிறார்.