வழியில் கழியும் நேரத்துக்கும் கூலி

பிரிட்டனில் ஒரே நாளில் பல அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர், ஓரிடத்தை முடித்து அடுத்த இடத்துக்குப் போகும் நேரமும் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் வேலை நேரமே. காலையில் வீட்டிலிருந்து முதல் இடத்துக்குப் போவதும், மாலையில் வீடு திரும்புவதும் சேராது.

ஒருவர் மூன்று அலுவலகங்களில் தலா 2 மணி நேரம் வேலை செய்கிறார். இடையிலான பேருந்துப் பயணங்கள் 40 நிமிடமும் 35 நிமிடமும். முதலாளி 6 மணி நேரத்துக்கு மட்டும், மணிக்கு 13 பவுண்டு வீதம் 78 பவுண்டு தருகிறார். பார்வைக்கு நல்ல கூலிதான். ஆனால் வேலை நேரம் உண்மையில் ஏழேகால் மணி. வகுத்தால் மணிக்கு 10.76 பவுண்டுதான் வருகிறது. 2025 ஏப்ரலில், 21 வயது நிரம்பியவர்களுக்கான குறைந்தபட்சம் 12.21 பவுண்டு. அதன்படி 88.52 பவுண்டு தந்திருக்க வேண்டும்.

பயணத்துக்குத் தனிக்கூலி தரச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. சம்பளக் காலம் முழுவதற்கும் சராசரியைத்தான் பார்க்கிறது. மணிக்கு 15 பவுண்டு தந்திருந்தால் சராசரி 12.41, குற்றமில்லை. சம்பளச் சீட்டில் துடைத்த மணிகள் மட்டுமே இருக்கும் என்பதால், கிளம்பிய, சேர்ந்த நேரங்களைத் தொழிலாளியே குறித்து வைத்தால்தான் குறை தெரியும்.