அம்மாவின் நகை முதலீடா, அத்தையின் முறுக்கு முதலீடா?

சென்ற தவணையில் உயர்நிலை நான்கு வகுப்புக்குப் பொருளாதாரம் பற்றிய ஒரு கருத்தறிதல் பகுதியைக் கொடுத்திருந்தேன். 'மொத்த உள்நாட்டு உற்பத்தி', 'நுகர்வு', 'முதலீடு', 'நிகர ஏற்றுமதி' ஆகிய சொற்கள் அதில் வந்தன. தொடர்பணியாக 'எங்கள் குடும்பத்தின் முதலீடுகள்' என்று ஒரு பத்தி எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் நன்றாகவே எழுதியிருந்தான். அம்மா தேக்காவில் வாங்கிய தங்கச் சங்கிலி, அப்பா வாங்கிய பங்குகள், போன வருடம் குடிபோன மறுவிற்பனை வீவக வீடு, தனக்கும் தங்கைக்கும் கட்டும் துணைப்பாட வகுப்புக் கட்டணம் என நான்கையும் முதலீடு என்று குறித்திருந்தான். கடைசியில் ஒரு வரி: "அத்தை தீபாவளிக்குச் செய்த முறுக்கில் 200 டப்பா விற்கவில்லை, அது மட்டும் நஷ்டம்."

நான் முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். தமிழில் பிழையில்லை. ஆனால் கருத்தறிதல் பகுதியில் 'முதலீடு' எந்தப் பொருளில் வந்ததோ, அந்தப் பொருளில் பார்த்தால் அவன் சொன்ன நான்கில் ஒன்றுகூட முதலீட்டில் சேராது. நஷ்டம் என்று அவன் ஒதுக்கிய முறுக்குதான் சேரும்! பொருளியல் கற்பிக்கும் சக ஆசிரியர் ஒருவர் இதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன்பிறகு உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு நாட்டில் ஓராண்டில் புதிதாக உற்பத்தியான பொருள்கள், சேவைகளின் மதிப்புதான் மொத்த உள்நாட்டு உற்பத்தி. அதை அளக்கச் சில வழிகள் உண்டு. செலவு வழி என்பது, உற்பத்தியானதை யார் வாங்கினார்கள் என்று பார்த்துக் கூட்டுவது. பாடநூல்களில் அது இப்படி இருக்கும்:

GDP = C + I + G + (X − M)

C குடும்பங்களின் நுகர்வு, I முதலீடு, G அரசாங்கச் செலவு, X ஏற்றுமதி, M இறக்குமதி. மாணவர்கள் இதை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். சிக்கல் I என்ற அந்த ஓர் எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது.

பேச்சுவழக்கில் முதலீடு என்றால் என்ன? பின்னால் லாபம் வரும் என்று இன்று போடும் பணம். அதனால்தான் வங்கியில் போட்டாலும், பங்கு வாங்கினாலும், பழைய வீடு வாங்கினாலும் முதலீடு என்கிறோம். நாட்டின் கணக்கு போடுகிறவர் கேட்கும் கேள்வியே வேறு: இந்தச் செலவுக்குப் பின்னால் இந்த ஆண்டு புதிதாக ஏதாவது உற்பத்தியாகியிருக்கிறதா? அப்படி உற்பத்தியானது உடனே தீர்ந்துபோகாமல், இனிமேல் நடக்கும் உற்பத்திக்கோ விற்பனைக்கோ நிற்கிறதா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால்தான் அது I. கட்டடங்கள், இயந்திரங்கள், வாகனங்கள், மென்பொருள் போன்றவை இதில் வரும். கூடவே சரக்கிருப்பில் ஏற்படும் மாற்றமும் வரும்.

இப்போது மாணவனின் பட்டியலுக்கு வருவோம்.

அப்பா வாங்கிய பங்குகளை இன்னொருவர் அவருக்கு விற்றிருக்கிறார். பணம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனது, பங்கு மறுபக்கம் வந்தது. புதிதாக எதுவும் செய்யப்படவில்லை. தரகர் எடுத்துக்கொண்ட கட்டணம் மட்டும் ஒரு சேவைக்கான விலை, அதனால் அது மட்டும் கணக்கில் வரும்.

மறுவிற்பனை வீடும் அப்படித்தான். அந்த வீடு கட்டப்பட்டது முப்பது வருடத்துக்கு முன்பு என்றால், அன்றைய கணக்கிலேயே அது சேர்ந்துவிட்டது. இன்று 600,000 வெள்ளிக்குக் கைமாறினாலும் அந்தத் தொகையை மறுபடி சேர்த்தால் ஒரே வீட்டை இரண்டு தடவை கட்டியதாக ஆகிவிடும். ஆனால் வீட்டு முகவரின் கட்டணமும் வழக்கறிஞர் கட்டணமும் இந்த ஆண்டு செய்த வேலைக்கானவை. அனைத்துலகக் கணக்கு விதிகளின்படி அவை I-யில் சேரும். அதனால் மாணவனின் பட்டியல் முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியாது; 600,000 வெள்ளியில் சில ஆயிரம் சரி. புதிதாகக் கட்டும் பிடிஓ வீடு என்றால் கதையே வேறு. அது முழுமையாக முதலீடுதான். அதிலும், சாவி கையில் வரும் ஆண்டில் மொத்தமாகச் சேர்ப்பதில்லை. கட்டுமான வேலை நடக்க நடக்க, அந்தந்த ஆண்டின் வேலை அந்தந்த ஆண்டில் சேரும். நிலத்தின் விலை சேராது, நிலத்தை யாரும் உற்பத்தி செய்யவில்லையே.

துணைப்பாட வகுப்புக் கட்டணம்தான் மாணவர்களை ரொம்பக் குழப்பும். "டீச்சர், கல்விதான் பெரிய முதலீடுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டார்கள். சொன்னேன்தான். ஆனால் இந்தக் கணக்கில் குடும்பம் கல்விக்குக் கட்டும் பணம் நுகர்வு, அதாவது C. படித்துப் பெறும் அறிவு இந்தக் கணக்கில் ஒரு சொத்தாக ஏறுவதில்லை. இது எனக்கு இன்னும் முழு நியாயமாகப் படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விதி அப்படித்தான் இருக்கிறது.

அடுத்து முறுக்கு. அத்தை 1,000 டப்பா செய்தார், ஒரு டப்பா 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாவு, எண்ணெய் எங்கிருந்து வந்தன என்பதை இப்போதைக்கு விட்டுவிடலாம். டிசம்பர் 31-க்குள் 800 டப்பா விற்றது, C-யில் 6,400 வெள்ளி. மீதி 200 டப்பா, அதாவது 1,600 வெள்ளி மதிப்புள்ள முறுக்கு, அலமாரியில் இருக்கிறது. அதை யாரும் வாங்கவில்லை. ஆனால் செய்தது செய்ததுதானே? கணக்குப்படி அதை அத்தையே தன் வியாபாரத்துக்காக வாங்கி வைத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். I-யில் 1,600. மொத்தம் 8,000, செய்த முறுக்கின் மதிப்புக்குச் சரியாக வந்துவிட்டது.

ஜனவரியில் பொங்கல் நேரத்தில் அந்த 200 டப்பாவும் விற்றுவிட்டது என்றால், புதிய ஆண்டில் C-யில் 1,600 கூடும், I-யில் 1,600 குறையும். கூட்டினால் பூஜ்யம். அதுவும் சரிதான், அந்த ஆண்டு அந்த முறுக்கை யாரும் சுடவில்லை. விற்காமல் கெட்டுப்போய்க் குப்பைக்குப் போனால், இருப்பிலிருந்து கழித்துவிடுவார்கள், C-யில் எதுவும் ஏறாது.

இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. முதலீடு கூடியது என்று செய்தியில் வந்தால் நல்ல செய்தி என்றே நினைப்போம். கூடியது புதுத் தொழிற்சாலையாலா, விற்காமல் தேங்கிய சரக்காலா என்று பார்க்க வேண்டும். அதனால்தான் புள்ளிவிவரத் துறையின் அட்டவணையில் நிலையான மூலதனம் ஒரு வரியிலும் சரக்கிருப்பு மாற்றம் தனியாக இன்னொரு வரியிலும் இருக்கும்.

அம்மாவின் நகையைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் அதற்கு இறக்குமதி தெரிய வேண்டும். சங்கிலியின் விலை 5,000 வெள்ளி என்போம். அணிந்துகொள்ள வாங்கிய நகை என்பதால் C-யில் 5,000. (தங்கக் கட்டி போலச் சேமிப்புக்காகவே வாங்கி வைக்கும் அரும்பொருள்களுக்கு அனைத்துலக விதிகளில் முதலீட்டின்கீழ் ஒரு தனிப் பிரிவு உண்டு, இந்தியாவின் கணக்கில் அதைப் பார்க்கலாம்.) ஆனால் சிங்கப்பூரில் தங்கச் சுரங்கம் கிடையாது. அந்தச் சங்கிலியில் 4,200 வெள்ளிக்கான தங்கம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால், M-இல் 4,200. ஐயாயிரத்தில் அதைக் கழித்தால் 800. கடைக்காரரின் லாபம், ஊழியர் சம்பளம், இங்கே செய்த வேலை எல்லாம் அந்த 800-க்குள் இருக்கிறது. சிங்கப்பூர் உற்பத்தி செய்தது அவ்வளவுதான்.

இங்கேதான் பல மாணவர்கள், சில செய்திக் கட்டுரைகளும்கூட, தவறு செய்கிறார்கள். சூத்திரத்தில் M-க்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதால், 'இறக்குமதி கூடினால் உற்பத்தி குறையும்' என்று எழுதிவிடுகிறார்கள். கழிப்பது தண்டனை இல்லை. C, I, G, X நான்கிலும் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட வெளிநாட்டுப் பொருளை வெளியே எடுப்பது, அவ்வளவே. அத்தை சென்னையிலிருந்து 3,000 வெள்ளிக்கு ஒரு முறுக்கு இயந்திரம் வரவழைத்தால், I-யில் 3,000 கூடும், M-இல் 3,000 கூடும், மொத்த உற்பத்தி அப்படியே இருக்கும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சனிக்கிழமை ஜொகூர் பாரு போய்ச் சாமான் வாங்குகிறோமே, அதுவும் இதே மாதிரிதான். நம் நுகர்வில் ஏறும், இறக்குமதியிலும் ஏறும். சென்னையிலிருந்து வந்த சுற்றுப்பயணி சிராங்கூன் ரோட்டில் தோசை சாப்பிட்டால் அது சிங்கப்பூரின் ஏற்றுமதி. தோசை எல்லை தாண்ட வேண்டியதில்லை, வாங்கியவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் போதும். சிங்கப்பூரின் ஏற்றுமதி அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் என்று படித்துவிட்டு "அது எப்படி டீச்சர் முடியும்?" என்று ஒருத்தி கேட்டாள். வந்திறங்கும் பொருளில் வேலை சேர்த்து மறுபடி அனுப்புகிறோம், X-உம் பெரிது, M-உம் பெரிது. X − M மட்டும்தான் கணக்கில் நிற்கும்.

G பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசாங்கப் பள்ளியில் வேலை செய்யும் நம் சம்பளம் G-யில் இருக்கிறது. புதிய பள்ளிக் கட்டடம், பெருவிரைவு ரயில் பாதை ஆகியவை அரசாங்கப் பணமாக இருந்தாலும் மூலதனம் என்பதால் I. வீடுகளுக்குக் கிடைக்கும் சிடிசி பற்றுச்சீட்டு G-யில் வராது. அது பணத்தைக் கைமாற்றுவது மட்டுமே. அதை உணவங்காடிக் கடையில் கொடுத்து மீகோரெங் வாங்கும்போதுதான் C-யில் ஏறும்.

இவ்வளவும் கூட்டினாலும், உற்பத்தி வழியில் போட்ட கணக்கோடு செலவு வழிக் கணக்கு அப்படியே பொருந்தாது. தரவுகள் வெவ்வேறு இடத்திலிருந்து வருகின்றன. அதனால் அட்டவணையில் 'புள்ளிவிவர வேறுபாடு' என்று ஒரு வரி போட்டு வித்தியாசத்தை வெளிப்படையாகவே காட்டிவிடுகிறார்கள்.

வகுப்பில் திரும்ப இந்தப் பாடத்தை எடுத்தபோது, பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன். புதிதாக வந்த ஒரே மாதிரியான இரண்டு கார்கள்; ஒன்றைக் குடும்பம் வாங்கியது, மற்றதை டாக்சி நிறுவனம் வாங்கியது. எது முதலீடு? முதல் கார் C, இரண்டாவது I. பொருள் ஒன்றுதான், வாங்கியவர் எதற்கு வைத்துக்கொள்கிறார் என்பதுதான் வேறு. முறுக்குப் பையன் உடனே கையைத் தூக்கி, "அப்போ எங்க அத்தை டெலிவரிக்கு வாங்கின வேன்?" என்று கேட்டான். அவன் பழைய கட்டுரையை வாங்கி, முறுக்கு வரிக்குப் பக்கத்தில் ஒரு 'சரி' போட்டுக் கொடுத்தேன்.