நடை தளரும்போது மூளையையும் பாருங்கள்

முதியவர்களுக்கு வரும் மறதியில் பெரும்பகுதி திரும்பிச் செல்ல வழியில்லாத பாதை. அல்சைமர் நோயை மருந்தால் சற்றுத் தாமதப்படுத்தலாமே தவிர, இழந்ததை மீட்டுத் தர இயலாது. இதற்கு விதிவிலக்காக ஒரு நோய் இருக்கிறது. மூளையில் தேங்கும் நீருக்கு ஒரு வடிகால் அமைத்தால், படுக்கையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் ஒருவரை மீண்டும் எழுந்து நடக்கவைக்க முடியும். ‘நார்மல் பிரஷர் ஹைட்ரோகெஃபாலஸ்’ என்பது அதன் பெயர். இயல்பான அழுத்தத்துடன் கூடிய நீர்மூளை நோய் என்று தமிழில் சொல்லலாம். நரம்பியல் மருத்துவராக நான் காணும் துயரம், இந்நோய் உள்ளவர்களில் பலர் ‘வயதாகிவிட்டது’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு வீட்டிலேயே முடங்கிப்போவதுதான்.

நம் மூளைக்குள் நான்கு அறைகள் உண்டு. அவற்றில் ஒரு தெளிந்த நீர் இடையறாது சுரக்கிறது. எந்த நேரத்திலும் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் நீரே இருக்கும். ஆனால், ஒரு நாளில் சுரப்பதோ சுமார் 500 மில்லி லிட்டர். அதாவது, பழைய நீர் ரத்தத்தில் கலந்து வெளியேற, புதிய நீர் அதன் இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முதுமையில் சிலருக்கு இந்த வெளியேற்றம் மந்தமாகி, மூளையின் அறைகள் மெல்ல மெல்ல விரிகின்றன.

இதை முதலில் இனங்கண்டவர் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரைச் சேர்ந்த நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் சாலமோன் ஹக்கீம். 1957இல், விபத்தில் தலையில் அடிபட்டு உணர்வு மங்கிக் கிடந்த 16 வயதுச் சிறுவனின் மூளை அறைகள் விரிந்திருப்பதைக் கண்டார். அழுத்தமோ இயல்பாக இருந்தது. சோதனைக்காகச் சிறிதளவு நீரை எடுத்ததும், சிறுவன் வியக்கத்தக்க வகையில் தெளிவடைந்தான். அமெரிக்க நரம்பியல் அறிஞர் ரேமண்ட் ஆடம்ஸ் முதலியோருடன் சேர்ந்து 1965இல் அவர் வெளியிட்ட கட்டுரையே இந்நோயை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அழுத்தம் இயல்பாக இருக்கும்போதே அறைகள் ஏன் விரிகின்றன என்ற கேள்விக்கு இன்றும் முழுமையான விடை இல்லை.

இந்நோய்க்கு மூன்று அடையாளங்கள்: நடைத் தளர்ச்சி, சிறுநீரை அடக்க முடியாத அவசரம், நினைவாற்றல் குறைவு. இவற்றில் பெரும்பாலும் முதலில் வருவது நடைத் தளர்ச்சியே. அந்த நடைக்கென்று ஒரு தோற்றம் உண்டு. பாதங்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் எழ மறுக்கும். கால்களை அகட்டி வைத்து, சிறு சிறு அடிகளாகத் தேய்த்து நடப்பார்கள். திரும்புவதற்கு மட்டும் ஏழெட்டு அடிகள் தேவைப்படும். பார்க்கின்சன் நோயிலும் அடிகள் சிறுத்துப்போகும். ஆனால், அதில் கைவீச்சு குறைந்து கை நடுக்கமும் பலருக்கு இருக்கும். நீர்மூளை நோயில் கைகள் பெரும்பாலும் இயல்பாக வீசும். கால்கள் மட்டுமே கட்டளைக்குப் பணியாது. பார்க்கின்சன் மாத்திரைகளும் இதில் குறிப்பிடத்தக்க பலன் தருவதில்லை.

மறதியிலும் வேறுபாடு உண்டு. அல்சைமர் நோயாளி, காலையில் வந்துபோன விருந்தினரையே மறந்துவிடுவார், நினைவூட்டினாலும் பயனிருக்காது. நீர்மூளை நோயாளியிடம் மந்தமே மேலோங்கும். கேட்ட கேள்விக்கு நேரம் கழித்துப் பதில் வரும். எதிலும் நாட்டம் குறையும். ஒரு குறிப்புக் கொடுத்தால் பெயர் நினைவுக்கு வந்துவிடும்.

என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொன்னால் இது விளங்கும். எழுபத்திரண்டு வயதான ஓய்வுபெற்ற ஆசிரியர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடை குறைந்தது. மூட்டுத் தேய்மானம் என்று முழங்காலுக்கு ஊசி போட்டார்கள். ஓராண்டு கழித்து, கழிப்பறையை அடைவதற்குள் வேட்டி நனையத் தொடங்கியது. புராஸ்டேட் வீக்கம் என்று மாத்திரை தரப்பட்டது. கூடவே சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் மாத்திரையும். இவ்வகை மாத்திரைகளில் சில, முதியவர்களின் நினைவாற்றலை மேலும் மங்கச் செய்பவை. பிறகு அவர் செய்தித்தாள் படிப்பதை நிறுத்தினார். அதற்கும் ஒரு மறதி மாத்திரை சேர்ந்தது. மூன்று உறுப்புகளுக்கு மூன்று மருத்துவர்கள்; மூன்றையும் ஒரு கோட்டில் இணைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

எம்.ஆர்.ஐ. படத்தில் மூளை அறைகள், மூளையின் சுருக்கத்துக்குப் பொருந்தாத அளவு விரிந்திருந்தன. படம் மட்டும் போதாது. முதுமையில் மூளை சுருங்கினாலும் அறைகள் பெரிதாகத் தெரியும். எனவே, ஒரு எளிய சோதனை செய்தோம். முதலில் அவரைப் பத்து மீட்டர் நடக்கவைத்து அளந்தோம்: 24 விநாடிகள், 36 அடிகள். பின்னர், கீழ்முதுகில் ஊசி செலுத்தி 40 மில்லி லிட்டர் நீரை வெளியேற்றினோம். மூன்று மணி நேரம் கழித்து அதே பத்து மீட்டர்: 15 விநாடிகள், 23 அடிகள். திரும்புவதற்கு எட்டு அடிகள் எடுத்தவர் நான்கில் திரும்பினார். இந்த முன்னேற்றம் ஓரிரு நாளில் மறைந்துவிடும். வடிகால் அமைத்தால் பலன் கிடைக்கும் என்பதற்கான முன்னறிவிப்பு அது. ஆனால், இச்சோதனையில் முன்னேற்றம் தெரியாத சிலரும் அறுவைச் சிகிச்சையால் பயனடைவதுண்டு. ஆகவே, ஐயம் வலுவாக இருந்தால் சில நாள்கள் தொடர்ந்து நீரை வடித்துப் பார்ப்பார்கள்.

அவருக்கு ‘ஷன்ட்’ பொருத்தப்பட்டது. மூளை அறையிலிருந்து தோலுக்கடியில் இறங்கும் மெல்லிய குழாய், மிகுதி நீரை வயிற்றறைக்குள் கொண்டுசேர்க்கிறது. அங்கே உடல் அதை உறிஞ்சிக்கொள்கிறது. இடையிலுள்ள அடைப்பிதழின் அளவை, மறு அறுவையின்றி வெளியிலிருந்தே காந்தக் கருவியால் மாற்றலாம். மூன்று மாதத்தில் அவர் துணையின்றிக் கடைத்தெருவுக்குப் போனார். சிறுநீர் அவசரம் பாதியாகக் குறைந்தது. நினைவாற்றலில் மாற்றம் சிறிதளவே.

இந்த வரிசை தற்செயலானதல்ல. 2025இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில் 99 பேருக்கு ஷன்ட் பொருத்தி, பாதிப் பேருக்கு மட்டும் அதைத் திறந்துவைத்தார்கள். மூன்று மாதத்தில், திறந்த வடிகால் உள்ளவர்களின் நடைவேகம் தெளிவாகக் கூடியது. நினைவாற்றலிலும் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. மூளையைச் சுற்றி ரத்தம் கசிவது, திறந்த வடிகால் உள்ளவர்களில் 12 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 2 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தது. கிருமித் தொற்று, குழாய் அடைப்பு போன்ற இடர்களும் உண்டு. அல்சைமர் நோயும் சேர்ந்திருப்பவர்களுக்குப் பலன் குறைவாகவே இருக்கலாம். குடும்பத்தினரிடம் இவை அனைத்தையும் எடுத்துச் சொன்ன பின்பே முடிவெடுக்க வேண்டும்.

ஆயினும், நடை மீள்வது சிறிய செய்தியல்ல. விழுந்து இடுப்பெலும்பு முறிவதும், அதன்பின் படுக்கையில் கிடப்பதும்தான் பல முதியவர்களின் இறுதிக் காலத்தைத் தீர்மானிக்கின்றன. மறதி ஆழப்படும்வரை காத்திருந்தால், மீளக்கூடிய பகுதியும் குறைந்துகொண்டே போகும்.

ஆகவே, வீட்டிலுள்ள பெரியவர் பாதத்தைத் தேய்த்து நடக்கத் தொடங்கி, கூடவே சிறுநீர் அவசரமோ மந்தமோ தென்பட்டால், அவர் நடப்பதையும் திரும்புவதையும் கைப்பேசியில் ஒரு நிமிடம் படமெடுங்கள். அதை நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, ‘இது மூளையில் நீர் தேங்குவதாக இருக்குமா?’ என்று கேளுங்கள். மூட்டு, புராஸ்டேட், மறதி என்று மூன்று சீட்டுகள் கையில் இருந்தால், மூன்றையும் ஒரே மேசையில் வையுங்கள். தனித்தனியே பார்க்கும்போது முதுமையாகத் தெரிவது, சேர்த்துப் பார்க்கும்போது ஒரே நோயாகத் தெரியக்கூடும்.