13,000 சொற்கள் கைமாறியபோது

ஒரு வியாழக்கிழமை மாலை போன் வந்தது. விவசாயிகளுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்க வேண்டும். தெளிப்பானைக் கையாள்வது, பூச்சிக்கொல்லியைத் தண்ணீரில் கலப்பது, காலி டப்பாவை என்ன செய்வது என்று மொத்தம் 24,000 ஆங்கிலச் சொற்கள். எட்டு வேலை நாள் அவகாசம். சொல்லுக்கு இரண்டரை ரூபாய், அதாவது 60,000 ரூபாய். “உங்களால முடியுமா மேடம்?” என்று கேட்டார் அந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர்.

தனியாகத் தொழில் செய்யும் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவருக்கும் இந்தக் கேள்வி வரும். நான் ஒரு நாளில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 2,000 சொல் நன்றாக வரும். எட்டு நாளில் 16,000. மிச்சமுள்ள 8,000 சொல்லைத் திருநெல்வேலியில் இருக்கும் தோழியிடம் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று மனம் உடனே சொல்லும். சில வருடங்களுக்கு முன் இதே கணக்கைப் போட்டுத்தான் மாட்டிக்கொண்டேன். அப்போது ஆறாம் நாள் இரவில்தான் கணக்கில் எது விடுபட்டது என்று தெரிந்தது. பிறர் செய்த வேலையைப் படித்துத் திருத்த எனக்கு ஆகும் நேரத்தை எங்குமே எழுதியிருக்கவில்லை.

இந்த முறை நேரத்தை மணிக்கணக்கில் எழுதினேன். கையில் இருப்பது 64 மணி நேரம். நானே மொழிபெயர்த்தால் மணிக்கு 250 சொல். நல்ல மொழிபெயர்ப்பை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்தினால் மணிக்கு ஏறக்குறைய 1,000 சொல். சொற்பட்டியல் தயாரிப்பது, சந்தேகங்களுக்குப் பதில் எழுதுவது, கடைசியில் இரண்டு பேரின் நடையையும் ஒன்றாக்குவது இவற்றுக்கு 7 மணி நேரம். இப்படிப் பார்த்தால் நான் 11,000 சொல்லைத்தான் செய்ய முடியும். அதற்கு 44 மணி நேரம். மிச்சம் 13,000 சொல் அவளிடம் போக வேண்டும். அதைத் திருத்த 13 மணி நேரம். 44, 13, 7 மூன்றும் சேர்ந்தால் சரியாக 64. மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும் என்று நினைத்த வேலையில் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டதுதான் பெரிய காரியம்.

பணக்கணக்கும் இதே மணிக்கணக்கில்தான் புரியும். அவளுக்குச் சொல்லுக்கு 1 ரூபாய் 60 காசு என்று பேசினோம். 13,000 சொல்லுக்கு வாடிக்கையாளர் தருவது 32,500. அவளுக்குப் போவது 20,800. எனக்கு நிற்பது 11,700 ரூபாய். சும்மா உட்கார்ந்து சம்பாதித்த பணம்போல இது தோன்றும். ஆனால் இதற்காக நான் 20 மணி நேரம் உழைக்கிறேன். மணிக்கு 585 ரூபாய். நானே மொழிபெயர்த்தால் மணிக்கு 625. அதாவது எல்லாம் ஒழுங்காக நடந்தாலே என் வழக்கமான வருமானத்தை ஒட்டித்தான் நிற்கும். வந்த மொழிபெயர்ப்பு சுமாராக இருந்து மணிக்கு 400 சொல்தான் திருத்த முடிந்தது என்றால், திருத்தத்துக்கு மட்டும் 32 மணி நேரத்துக்கு மேல் போகும். மணி வருமானம் 300 ரூபாய்க்கும் கீழே இறங்கும். வேலையும் இரண்டரை நாள் தாமதமாகும். ஆகவே குறைந்த ரேட்டுக்கு ஆள் பிடிப்பதில் லாபம் இல்லை. சொல்லுக்கு 30 காசு குறைவாகக் கேட்பவரின் வேலையைத் திருத்துவதில் அந்தக் காசு முழுவதும் கரைந்து, என் கைக்காசும் சேர்ந்து போகும்.

ஒப்புக்கொள்வதற்கு முன் ஒருங்கிணைப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். “இன்னொரு மொழிபெயர்ப்பாளரும் என்னோட சேர்ந்து செய்வாங்க. ஒவ்வொரு வரியையும் நான் படிச்சுத்தான் அனுப்புவேன். தப்பு இருந்தா பொறுப்பு என்னுது.” அவர் ஒரு நாள் கழித்து எழுத்தில் சம்மதம் தந்தார். சொல்லாமல் செய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். முதலாவது, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். வேலையைப் பிறரிடம் கொடுக்கக் கூடாது என்றோ, கோப்பைப் பிறருக்குக் காட்டக் கூடாது என்றோ ஒரு வரி பெரும்பாலும் அதில் இருக்கும். அந்த ரகசியக் காப்பு வரி இருந்தால், கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிய அந்த நிமிடமே ஒப்பந்தம் மீறப்பட்டுவிடும். இரண்டாவது, கோப்பே காட்டிக்கொடுக்கும். வேர்டு கோப்பின் விவரப் பக்கத்தில் Author என்றும் Last Modified By என்றும் இரண்டு வரிகள் உண்டு. என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் அங்கே வேறொரு பெயரைப் பார்த்துவிட்டு, “இது யாரு?” என்று ஒரே வரியில் கேட்டு எழுதினார். அந்த மொழிபெயர்ப்பில் குறையே இல்லை. இருந்தும் அதற்குப் பிறகு அவரிடமிருந்து எனக்கு வேலை வரவில்லை.

எந்தப் பகுதியை யாருக்குக் கொடுப்பது என்பதிலும் யோசனை வேண்டும். பக்கங்களை எண்ணிப் பாதியில் வெட்டக் கூடாது. முழு அத்தியாயங்களாகப் பிரிக்க வேண்டும். பாதுகாப்பு எச்சரிக்கைகளும் மருந்துக் கலவை அளவுகளும் உள்ள அத்தியாயங்களை நான் வைத்துக்கொண்டேன். அங்கே ஒரு தவறு நடந்தால் அது வயலில் ஒருவர் உடம்பில் போய் முடியும். கருவிப் பராமரிப்பு, கதைவடிவில் இருந்த பயிற்சிப் பாடங்கள், கேள்வி பதில் பகுதி மூன்றும் அவளுக்கு.

கூடவே நாலு பக்கத்தில் ஒரு குறிப்பும் ஏறக்குறைய 120 சொற்கள் கொண்ட சொற்பட்டியலும் அனுப்பினேன். இதில் சோம்பல்பட்டால் பிறகு அழ வேண்டியிருக்கும். தமிழில் ஒரே பொருளுக்கு மூன்று சொல் உண்டு, மூன்றும் சரியாகவே இருக்கும். விவசாயி “மருந்து” என்பார், வேளாண் துறை “பூச்சிக்கொல்லி” என்று எழுதும், இன்னொருவர் “பூச்சிமருந்து” என்பார். தெளிப்பான் முனையை “நாசில்” என்றுதான் கடையில் கேட்கிறார்கள். இந்தக் கையேட்டில் “பூச்சிக்கொல்லி”, “நாசில்” என்று முடிவு செய்து எழுதிக்கொடுத்தேன். அதைவிட முக்கியம் வாசகரை விளிக்கும் விதம். நான் “தெளியுங்கள்” என்று எழுத, அவள் “தெளிக்கவும்” என்று எழுதினால், ஒரு அத்தியாயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதுபோலவும் அடுத்ததில் அரசாங்கச் சுற்றறிக்கைபோலவும் இருக்கும். கடைசி நாளில் ஆயிரம் வினைமுற்றுகளைத் தேடி மாற்றுவதைவிட முதல் நாளில் ஒரு வரி எழுதுவது எளிது. யூனிகோடில் மட்டுமே வேண்டும் என்றும் குறிப்பிட்டேன். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

முழு 13,000 சொல்லும் கடைசியில் ஒன்றாக வந்து விழுந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. எனவே முதல் நாள் மாலையே 1,000 சொல் அனுப்பச் சொன்னேன். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துத் திருத்தினேன். எனக்கு ஒரு மணி நேரம் 10 நிமிடம் ஆனது. இரண்டு மணி நேரம் ஆகியிருந்தால் அன்றே நிறுத்தி, வாடிக்கையாளரிடம் கூடுதல் நாள் கேட்டிருப்பேன். முதல் நாளில் கேட்கும் அவகாசத்தைத் திட்டமிடல் என்று எடுத்துக்கொள்வார்கள். ஏழாம் நாளில் கேட்டால் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த 1,000 சொல்லில் இலக்கணப் பிழை அநேகமாக இல்லை. வேறு இரண்டு சிக்கல்கள் இருந்தன. கையுறை அணியாமல் கருவியைத் திறக்காதீர்கள் என்ற பொருளில் இருந்த வாக்கியம், கையுறை அணிந்து திறக்காதீர்கள் என்று வந்திருந்தது. ஆங்கிலத்தில் இரண்டு எதிர்மறைகள் அடுத்தடுத்து வரும் இடங்களில் இப்படி ஒன்று நழுவுவது சகஜம். படிக்கும்போது தமிழ் சரளமாகவே இருப்பதால் மூலத்தைப் பார்க்காதவருக்குத் தெரியவே தெரியாது. மற்றொன்று, லிட்டருக்கு என்று இருந்த அளவு டேங்குக்கு என்று மாறியிருந்தது. லிட்டருக்கு 2 மில்லி என்றால் 16 லிட்டர் டேங்குக்கு 32 மில்லி ஊற்ற வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. அன்றிலிருந்து ஒப்பிட்டுப் படித்து முடித்த பிறகு இன்னொரு சுற்று வருவது வழக்கமானது. அதில் எண்களையும் அளவுகளையும் “இல்லை”, “கூடாது”, “தவிர” போன்ற சொற்களையும் மட்டுமே பார்ப்பேன். திருத்தங்கள் தெரியும்படியே கோப்பை அவளுக்குத் திருப்பி அனுப்பினேன். “அக்கா, இந்த இடத்துல நானே ரெண்டு தடவை குழம்பினேன்” என்று எழுதினாள். மறுநாளிலிருந்து, குழப்பமான வரிகளை மஞ்சள் நிறத்தில் குறித்தே அனுப்பினாள். அந்த மஞ்சள் எனக்கு எவ்வளவோ நேரத்தை மிச்சப்படுத்தியது.

எங்களுக்குள் எழுத்தில் இருந்தது ஒரு பக்கக் கடிதம்தான். கூலி ஆங்கிலச் சொல் எண்ணிக்கைக்கு என்று அதில் தெளிவாக எழுதினோம். “வீட்டிலிருந்து” என்பது தமிழில் ஒரே சொல். என் கோப்புகளில் 1,000 ஆங்கிலச் சொல் பெரும்பாலும் 700, 750 தமிழ்ச் சொல்லாகிறது. எதை எண்ணுவது என்று பேசாவிட்டால் கால்வாசிப் பணத்தில் சண்டை வரும். இந்த வாடிக்கையாளரோடு ஒரு வருடம் நேரடியாக வேலை பேசுவதில்லை என்றும், கோப்புகளை வேலை முடிந்ததும் அழித்துவிடுவது என்றும் இரண்டு வரிகள். அடுத்தது உரிமை. பலர் இதைக் கவனிப்பதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்ப்பின் முதல் உரிமையாளர் அதை எழுதியவர். அவள் என் ஊழியர் அல்ல. நான் பணம் கொடுத்ததால் மட்டும் உரிமை எனக்கு வந்துவிடாது. சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி எழுத்தில், கையெழுத்தோடு மாற்றித் தர வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். என்னிடமே முழு உரிமை இல்லாதபோது வாடிக்கையாளருக்கு அதை எப்படி எழுதிக்கொடுப்பேன்?

பணம் எப்போது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதினேன்: கோப்பு ஒப்படைத்த பத்தாம் நாள். வாடிக்கையாளர் எனக்கு 45 நாள் கழித்துத் தருவது அவளுடைய கவலை அல்ல. அப்போதும் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்து 54,000 ரூபாய்தான் வரும். அவளுக்குப் போகும் பணத்துக்கும் சேர்த்து என் பெயரில்தான் பிடிக்கிறார்கள். வருமான வரிக் கணக்கில் அவளுக்குக் கொடுத்ததைச் செலவாகக் காட்ட, அவளுடைய ரசீதும் வங்கிப் பரிமாற்றமும் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்சம் வரம்பைப் பார்க்கும்போதும் முழு 60,000 ரூபாயும் என் வரவாகத்தான் எண்ணப்படும். பிரித்துக் கொடுக்கும் வேலை கூடக்கூட, கையில் நிற்கும் பணத்தைவிட ஏட்டில் வரவு வேகமாக ஏறும். ஆகவே ஒரு வேலைக்கான வெளிக்கூலி கையிருப்பில் இல்லாவிட்டால் நான் அந்த வேலையைப் பிரித்துக் கொடுப்பதில்லை.

கையேடு எட்டாம் நாள் மாலை போய்ச் சேர்ந்தது. நான்கு மாதம் கழித்து அதே நிறுவனத்திடமிருந்து ஏறக்குறைய அதே அளவில் சொட்டுநீர்ப் பாசனக் கையேடு வந்தது. சொற்பட்டியலில் பாதி தயாராக இருந்ததால் அந்த 7 மணி நேரம் 4 ஆகச் சுருங்கியது. அவளுடைய 1,000 சொல்லைத் திருத்த 50 நிமிடம் போதுமானதாக இருந்தது. அவளுக்கு ரேட்டை 1 ரூபாய் 75 காசாக உயர்த்தினேன். அவள் செய்த 13,000 சொல்லில் எனக்கு நின்றது 9,750 ரூபாய். முதல் முறையைவிட 1,950 குறைவு. செலவான நேரம் 15 மணி. மணிக்கு 650 ரூபாய்.