கெண்டைக்கால் இறுகும்போது

அன்றைக்கு அது அவர்களுக்கு மூன்றாவது ஆட்டம். பள்ளிகளுக்கிடையே நடக்கும் மண்டலக் கால்பந்துப் போட்டிகளில் இது வழக்கம்தான். காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, பிற்பகல் மூன்றரை மணி வெயிலில் இன்னொன்று. முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வலது ஓரத்தில் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிய ஒன்பதாம் வகுப்புப் பையன், முன்னங்காலை ஊன்றி எம்பியவன், அப்படியே சுருண்டு விழுந்தான்.

"சார், நரம்பு இழுத்துக்கிச்சு!"

உடற்கல்வி ஆசிரியனாக நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் மூன்று பேர் சூழ்ந்துவிட்டார்கள். ஒருவன் கெண்டைக்காலைக் கைமுட்டியால் குத்தினான், ஒருவன் ஸ்ப்ரே அடித்தான், இன்னொருவன் தலையில் தண்ணீரை ஊற்றினான். பையனின் பாதம் கீழ்நோக்கி வளைந்து விறைத்திருந்தது. தோலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் போல ஒரு முடிச்சு திரண்டு நின்றது. விரலால் தொட்டால் கட்டை மாதிரி இருந்தது.

நரம்பு சுருட்டிக்கொள்வதாகச் சொல்கிறோமே தவிர, உண்மையில் சுருங்குவது தசைதான். சுருங்கிய தசை விட மறுப்பதைத்தான் குரக்களி என்கிறோம். அதற்கான மருந்து பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது. அது மெதுவாக நீட்டிவிடுவது.

குத்தியவனை விலக்கிவிட்டுப் பையனை மல்லாக்கப் படுக்கவைத்தேன். முழங்காலை நேராக்கி அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டேன். மறு கையால் குதிகாலை ஏந்தி, பாதத்தை என் முன்கையில் சாய்த்து, விரல்கள் முகத்தைப் பார்க்கும்படி மெல்ல மடக்கினேன். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இறுகிய தசையை முரட்டுத்தனமாக இழுத்தால் நார்கள் கிழியும். வலி பொறுக்கும் எல்லை வரை கொண்டுபோய் அங்கேயே நிறுத்திவைக்க வேண்டும். கூடவே, "பாதத்தை நீயும் உன் பக்கம் தூக்குப்பா" என்றேன். முன்காலின் தசை வேலை செய்யும்போது, அதற்கு எதிரே உள்ள கெண்டைத் தசையைத் தளரச் சொல்லித் தண்டுவடம் உத்தரவிடும். அரை நிமிடத்தில் முடிச்சு கரைவது கைக்குத் தெரிந்தது. உடனே விட்டுவிடாமல் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்து, பிறகு உள்ளங்கையால் மெதுவாகத் தேய்த்துவிட்டேன்.

தொடையின் பின்பக்கம் பிடித்தால் மல்லாந்து படுக்கவைத்துக் காலைத் தூக்கி, முழங்காலை மெல்ல நிமிர்த்த வேண்டும். முன்தொடை என்றால் முழங்காலை மடக்கிக் குதிகாலைப் பிட்டத்தை நோக்கிக் கொண்டுபோக வேண்டும். ஸ்ப்ரே தோலை மரத்துப்போகச் செய்யுமே தவிர, சுருக்கத்தை விடுவிக்காது.

நீட்டுவது ஏன் வேலை செய்கிறது என்பதில்தான் காரணத்தின் பெரும்பகுதி ஒளிந்திருக்கிறது. தசைக்குள் இருக்கும் சில உணர்முனைகள் 'சுருங்கு' என்று தண்டுவடத்தைத் தூண்டும். தசைநாணில் இருக்கும் வேறு சில, 'போதும், விடு' என்று தடுக்கும். தசை களைத்துவிட்டால் தூண்டுதல் ஓங்கி, தடுப்பு மங்கிவிடுகிறது. தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்னஸும் அவருடைய குழுவினரும் 1997-ல் முன்வைத்த விளக்கம் இது. தசை ஏற்கெனவே குறுகிய நிலையில் இருக்கும்போது மேலும் சுருங்கச் சொன்னால் ஆபத்து அதிகம். குதிகாலை உயர்த்தி எம்பிய கணத்தில் பையனுக்கு நடந்தது அதுதான். நீட்டும்போது தசைநாண் இழுபட்டு, 'விடு' என்ற குரல் மறுபடி கேட்கத் தொடங்குகிறது.

அப்படியானால் தண்ணீரும் உப்பும்? நான் விளையாடிய காலத்தில் எல்லாப் பழியும் அவற்றின் மேல்தான். வெயிலில் வியர்த்துக் கொட்டுகிறவர்களுக்கு அதில் பங்கு உண்டு. பனியன் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கிற பிள்ளைகளை நான் கவனித்து வைத்துக்கொள்வேன். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், பிடிப்பு உடம்பெங்கும் வர வேண்டும். ஓடிக் களைத்த ஒரு காலில் மட்டும் ஏன் வருகிறது? நெடுந்தூரப் போட்டியாளர்களின் ரத்தத்தைச் சோதித்தபோதும், பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் உப்பிலோ நீரிலோ பெரிய வேறுபாடு தெரியவில்லை. பழக்கத்தை மீறிய வேகத்தில் போனவர்களுக்கும், முன்பே பிடிப்பு வந்தவர்களுக்கும்தான் அதிகம் வந்தது.

2010-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையும் இதையே சுட்டுகிறது. மின்சாரத்தால் கால்விரல் தசையில் பிடிப்பை வரவழைத்து, வெள்ளரி ஊறுகாய் நீரைக் கொஞ்சம் குடிக்கக் கொடுத்தார்கள். சுமார் ஒன்றரை நிமிடத்தில், தண்ணீர் குடித்தபோது விட்டதைவிட வேகமாக, பிடிப்பு விட்டது. அந்த நேரத்துக்குள் உப்பு ரத்தத்தில் கலந்து தசையை எட்டியிருக்க முடியாது. தொண்டையில் பட்ட புளிப்பு நரம்பு வழியாகவே தண்டுவடத்தைத் தணித்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். பிடித்த கையோடு வாழைப்பழத்தைத் திணிப்பதும் இதனால்தான் பலிப்பதில்லை. அது செரித்துச் சேர நேரமாகும்.

அதற்காகக் குடிக்கக் கொடுக்க வேண்டாம் என்பதில்லை. பிடிப்பு விட்டதும் நிழலில் உட்காரவைத்து, தாகத்துக்கு ஏற்ப மிடறு மிடறாகக் கொடுங்கள். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்கச் சொல்லி வற்புறுத்துவது தவறு. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் தலைவலியும் வாந்தியும் வந்து நினைவே தடுமாறும்.

எல்லாப் பிடிப்பும் பிடிப்பல்ல என்பதுதான் மைதானத்தில் நிற்கிறவர் அவசியம் தெரிந்திருக்க வேண்டியது. 'பட்' என்று அறுந்த மாதிரி இருந்தது என்று பிள்ளை சொன்னாலோ, ஒரே புள்ளியில் வலித்தாலோ, நீட்டினால் வலி கூடினாலோ அது தசைக்கிழிவு. நீட்டாமல் துணி சுற்றிய ஐஸ் வைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். உளறல், தள்ளாட்டம், கொதிக்கும் உடம்பு என்றால் வெப்பத்தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த நாள் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று நம் மலைப்பகுதிப் பள்ளிகளுக்கானது. அரிவாள் செல் ரத்தப் பண்பு இந்தியாவில் முதன்முதலாக 1952-ல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் கண்டறியப்பட்டது. அந்தப் பண்பு உள்ள பிள்ளை கடுமையாக ஓடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கால் வலுவிழந்து சரிந்து உட்காரலாம். பிடிப்பு வந்தவன் வலியில் அலறுவான், தசை கட்டையாக இருக்கும். இங்கே தசை தொட்டால் மெத்தென்றே இருக்கும். அது நீட்டிவிட்டு மறுபடி ஓடவிடும் நேரமல்ல. ஆட்டத்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நம் பையன் எழுந்து உட்கார்ந்ததும் கேட்டேன். தேர்வு விடுமுறையில் பதினைந்து நாள் ஓடவே இல்லை என்றான். முந்தின இரவு வகுப்பறைத் தரையில் சரியான தூக்கமில்லை. காலையில் இரண்டு இட்லி, பிறகு பிஸ்கட். பயிற்சியில்லாத கால்களுக்கு ஒரே நாளில் மூன்று ஆட்டம். இதில் அவன் தவறு என்று எதைச் சொல்வது? அட்டவணை போட்டவர்களும் அனுப்பிய நானும் சேர்ந்து செய்தது அது.

"சார், நான் ரெடி" என்றான். கோட்டுக்கு வெளியே நடக்கச் சொன்னேன், நடந்தான். மெதுவாக ஓடச் சொன்னேன், ஓடினான். அந்தக் காலிலேயே பத்துமுறை நொண்டியடிக்கச் சொன்னேன். ஆறாவது முறை கீழே ஊன்றும்போது கெண்டைக்காலில் புழு நெளிகிற மாதிரி ஒரு துடிப்பு ஓடியது. அவனும் அதைக் குனிந்து பார்த்தான்.

"உக்காருப்பா" என்றேன். மாற்று ஆட்டக்காரனை அனுப்பினேன்.