அவை சிரிக்காவிட்டால் என்ன செய்வது? மாநாட்டு உரையை நகைச்சுவையோடு தொடங்குவோருக்குச் சில விளக்கங்கள்

மாநாடுகளில் கட்டுரை படைப்பவருக்குப் பெரும்பாலும் 15 அல்லது 20 நிமிடமே கிடைக்கும். அதில் முதல் அரை நிமிடத்தை ஒரு சிறு நகைச்சுவைக்கு ஒதுக்குவது பலரின் வழக்கம். அவை சிரித்துவிட்டால் நல்லது. சிரிக்காவிட்டால் பேச்சாளரின் குரல் தளர்கிறது. பார்வை தாளுக்குப் போய்விடுகிறது. நல்ல ஆய்வுகூட அதற்குப் பிறகு வெறும் வாசிப்பாக முடிந்துவிடுகிறது.

அவை சிரிக்குமா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சிரிப்பு வராவிட்டாலும் உரை தடம் மாறாமல் போகும்படி முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அதற்கான வேலையில் பெரும்பகுதி மேடை ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடும்.

பட்டிமன்றம் வேறு, மாநாடு வேறு

நம் ஊரில் மேடை நகைச்சுவை என்றதும் பட்டிமன்றம்தான் நினைவுக்கு வரும். அங்கு வருபவர்கள் சிரிக்கத் தயாராகவே வருகிறார்கள். நடுவர் தொண்டையைச் செருமினாலே கைதட்டல் எழும். மாநாட்டுக்கு வருபவர்கள் குறிப்பேட்டோடு வருகிறார்கள். வரவேற்புரையும், டான் ஸ்ரீ, டத்தோ என்று நீளும் விளிப்புகளும், திறப்புரையும் முடிந்த பிறகுதான் முதல் அமர்வு தொடங்கும். 200 பேர் அமரக்கூடிய அரங்கில் 40 பேர் ஆங்காங்கே உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் ஒருவரின் சிரிப்பு மற்றவரைத் தொற்றுவதில்லை.

அதனால் மாநாட்டில் நகைச்சுவைக்குக் கிடைக்கும் இயல்பான பதில் புன்னகைதான். வெடிச்சிரிப்பை எதிர்பார்த்துக்கொண்டு அந்தப் புன்னகையைத் தோல்வி என்று எண்ணுவது, பேச்சாளர் தடுமாறுவதற்கு முக்கியக் காரணம்.

எதைச் சொல்லிச் சிரிக்க வைப்பது?

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறது. எள்ளல் என்பது இகழ்ந்து சிரிப்பது. இளமை என்பது குழந்தைத்தனம். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது பிறர் சொன்னதை ஆராயாமல் அப்படியே நம்பிவிடுவது. மாநாட்டுப் பேச்சாளருக்கு இந்தப் பட்டியல் இன்றும் உதவும்.

இவற்றில் எள்ளல் மாநாட்டுக்கு ஆபத்தானது. மாணவர்களையோ, வேறொரு நாட்டுத் தமிழையோ, இன்னொரு துறையினரையோ கேலி செய்தால், கேலிக்கு உரியவர் அதே அரங்கில் இருக்க வாய்ப்புண்டு. குழந்தைத்தனமும் அறியாமையும் பாதுகாப்பானவை. அந்த அறியாமை பேச்சாளருடையதாகவே இருந்தால் இன்னும் நல்லது.

சொற்களையும் கவனிக்க வேண்டும். காலை உணவைச் சாப்பிடுவதை நாம் ‘பசியாறுவது’ என்கிறோம். சென்னையிலிருந்து வந்த பேராளருக்கு அந்தச் சொல்லின் பொருள் புரியும். ஆனால் அது நம் வீட்டில் அன்றாடம் ஒலிக்கும் சொல் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதை நம்பிய நகைச்சுவைக்கு மலேசிய, சிங்கப்பூர்ப் பேராளர்கள் மட்டுமே சிரிப்பார்கள். உடனடி மொழிபெயர்ப்பு இருந்தால், சொல்விளையாட்டு பெரும்பாலும் காதொலிக்கருவியைத் தாண்டாது. மொழிபெயர்ப்பு வந்து சேரவும் சில விநாடி ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஓர் ஆசிரியர், தமிழாசிரியர் மாநாடு ஒன்றில் பேச்சுத்தமிழ் கற்பித்தல் பற்றிக் கட்டுரை படைக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டு மறுஆய்வுக் குழு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் தரப் பரிந்துரைத்ததிலிருந்து, இது ஆசிரியர்கள் தொடர்ந்து பேசிவரும் தலைப்பு. அவர் முதலில் எழுதிய தொடக்கம் இது:

“ஒரு நகைச்சுவையோடு தொடங்க விரும்புகிறேன். என் நண்பருக்கு ஒரு மகன். தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். தமிழில் கெட்டிக்காரன். ஒருநாள் பள்ளி விட்டு வந்து பாட்டியிடம், ‘பாட்டி, எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று எழுத்துத்தமிழில் கேட்க, பாட்டி வாசலைப் பார்த்து, ‘வீட்டுக்கு யாருப்பா வந்திருக்காங்க?’ என்று கேட்டாராம். அதாவது, விருந்தாளியிடம் பேசுவது மாதிரி பேசினானாம்.”

கதை நன்றாகவே இருக்கிறது. ஆனால் சொன்ன விதம் நான்கு இடங்களில் அதைக் கெடுக்கிறது. முதலில், நகைச்சுவை வருகிறது என்ற அறிவிப்பு. அதைக் கேட்டதும் அவை நீதிபதியாகிவிடுகிறது. இரண்டாவது, நண்பர், வகுப்பு, கெட்டிக்காரத்தனம் போன்ற தேவையற்ற விவரங்கள். மூன்றாவது, ‘எழுத்துத்தமிழில்’ என்ற சொல் குட்டை முன்கூட்டியே உடைத்துவிடுகிறது. பையனின் வசனத்தைத் திருத்தமாக உச்சரித்தாலே அது கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

நான்காவது குறை தமிழுக்கே உரியது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், சிரிப்பூட்டும் வசனத்துக்குப் பின்னால் ‘என்று கேட்டாராம்’ என்ற வால் ஒட்டிக்கொள்கிறது. அவை சிரிக்க வாய் திறக்கும் நேரத்தில் பேச்சாளர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். வாலுக்குப் பின்னால் விளக்கமும் வந்தால், சிரிக்க இடைவெளியே கிடைப்பதில்லை. கேட்டார், சொன்னான் என்பவற்றை வசனத்துக்கு முன்னால் வைத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

திருத்திய வடிவம் இப்படி இருக்கும்:

“பள்ளி விட்டு வந்த பேரன் சொன்னான்: ‘பாட்டி, எனக்குத் தண்ணீர் வேண்டும்.’ பாட்டி அவனைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்: ‘வீட்டுக்கு யாருப்பா வந்திருக்காங்க?’”

இதைச் சொல்ல 15 விநாடி போதும். சிரிப்புக்குரிய சொற்கள் கடைசியில் நிற்கின்றன. அதற்குப் பிறகு அமைதி.

பாலமாகும் வரி

அந்த அமைதிக்குப் பின் வரும் வரிதான் உரையைக் காப்பாற்றுவது. நம் ஆசிரியர் எழுதிக்கொண்ட வரி: “அந்தப் பாட்டிக்கு எழுத்துத்தமிழ் விருந்தாளி வந்தால் பேசும் மொழி. நம் வகுப்பறையில் பல பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.”

அவை சிரித்திருந்தாலும் இந்த வரி பொருந்தும், சிரிக்காவிட்டாலும் பொருந்தும். சிரிக்காதவருக்குப் பாட்டியின் கதை வெறும் எடுத்துக்காட்டாகிவிடும். அதில் எந்த நட்டமும் இல்லை. நகைச்சுவை தலைப்போடு ஒட்டியிருக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். தலைப்போடு ஒட்டாத துணுக்குக்குச் சிரிப்பு ஒன்றே பயன். அது வராவிட்டால் அந்த அரை நிமிடம் வீண்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கதையையும் பால வரியையும் சிரிப்பே வராது என்று வைத்துக்கொண்டு, செய்தி வாசிக்கும் குரலில் படித்துப் பாருங்கள். உரையின் முதல் கருத்து அதில் புரிந்தால் வைத்துக்கொள்ளலாம். புரியாவிட்டால் வேறு கதை தேடுவது நல்லது.

அமைதி நிலவினால்

வசனம் முடிந்ததும் மனத்துக்குள் இரண்டு வரை எண்ணுங்கள். மொழிபெயர்ப்பு இருந்தால் நான்கு வரை எண்ணலாம். சிரிப்பு எழுந்தால், அது முழுதும் அடங்கக் காத்திருக்காமல் தணியத் தொடங்கும்போது பால வரியைச் சொல்லுங்கள். எழாவிட்டால் அதே வரியை, அதே குரலில், அதே வேகத்தில் சொல்லுங்கள். பேச்சாளர் முகத்தில் ஏமாற்றம் தெரியாதவரை, அங்கே ஒரு சிரிப்பு வர வேண்டியிருந்தது என்பது பலருக்குத் தெரியாமலே போய்விடும்.

சில நேரம் அமைதி கனத்துவிடும். முன்வரிசையினர் உங்களுக்காகச் சங்கடப்படுவது தெரியும். அதற்கு ஒரே ஒரு வரியைக் கைவசம் வைத்திருக்கலாம். நம் ஆசிரியர் வைத்திருந்தது: “பரவாயில்லை, அன்றைக்குப் பாட்டியும் சிரிக்கவில்லை.” இதுவும் கதைக்குள்ளிருந்தே வருகிறது, யாரையும் குறை சொல்லவில்லை. பெரும்பாலும் இதற்குத்தான் சிரிப்பு வரும். இதற்கும் வராவிட்டால் அடுத்ததைத் தேடக்கூடாது. நேராகப் பால வரிக்குப் போய்விட வேண்டும்.

செய்யக்கூடாதவையும் உண்டு. கதையை விளக்குவது, திரும்பச் சொல்வது, “காலையில் யாரும் பசியாறவில்லையா?” என்று அவையைக் கேட்பது, “இப்போது சிரிக்கலாம்” என்று அனுமதி கொடுப்பது. இவை எல்லாம் குறையைக் கேட்பவர் தலையில் ஏற்றுகின்றன. அவர்கள் மரியாதைக்காகச் சிரிப்பார்கள். ஆனால் அடுத்த பத்து நிமிடம் கட்டுரையை விட்டுவிட்டுப் பேச்சாளரின் நிலையைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.

எல்லா அமைதியும் ஒன்றல்ல என்பதையும் பார்க்க வேண்டும். பலர் முன்னால் சாய்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ கேட்டால், அவர்களுக்குக் காது கேட்கவில்லை. ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டு பால வரியிலிருந்து தொடங்கலாம். கண்கள் தாழ்ந்து, சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், யார் மனமோ புண்பட்டிருக்கிறது. அப்போது, “தவறாகச் சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு முறை சொல்லிவிட்டு நகர வேண்டும். அப்படி எண்ணிச் சொல்லவில்லை என்று விளக்கத் தொடங்கினால் காயம் பெரிதாகும்.

நகைச்சுவையே வேண்டாத உரைகளும் உண்டு. மாணவரின்றி மூடப்படும் தோட்டப் பள்ளியைப் பற்றிய கட்டுரையையோ, இரங்கல் தீர்மானத்துக்கு அடுத்து வரும் உரையையோ சிரிப்போடு தொடங்கினால் பொருந்தாது. உங்களுக்கு முன்னால் பேசுபவர் என்ன சொல்லப்போகிறார் என்பதும் முழுமையாகத் தெரியாது. அதனால் பால வரியிலிருந்தே நேராகத் தொடங்கவும் ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். மேடைப் படியில் நிற்கும்போதுகூட, பாட்டியை விட்டுவிட்டு, “எழுத்துத்தமிழ் நம் பிள்ளைகள் பலருக்கு விருந்தாளி வந்தால் பேசும் மொழி” என்று ஆரம்பித்துவிடலாம்.