இலைகள் கைகோத்த மரம்

பி-மரத்துக்கும் பி-பிளஸ் மரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கணினித் துறை மாணவரிடம் கேட்டால், "பி-பிளஸ் மரத்தின் உயரம் குறைவு, அதனால் வேகம்" என்பார். தேர்வில் மதிப்பெண் கிடைக்கும் பதில்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால் உயரத்தில் கிடைக்கும் லாபம் ஒரே ஒரு படி. தரவுத்தளங்கள் பி-பிளஸ் மரத்தைத் தேர்ந்தெடுக்க உண்மையான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

பி-மரத்தை உருவாக்கியவர்கள் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும். 1970-ல் அமெரிக்காவின் போயிங் விமான நிறுவன ஆய்வுக்கூடத்தில் இருவரும் பணியாற்றியபோது பிறந்த யோசனை அது. வட்டிலிருந்து ஒரு சிறு துண்டைப் படித்தாலும் சில ஆயிரம் பைட் கொண்ட ஒரு பக்கத்தைப் படித்தாலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். அப்படியானால் மரத்தின் ஒவ்வொரு கணுவையும் ஒரு பக்கம் அளவுக்குப் பெரிதாக்கி, அதில் நிறையப் பதிவுகளை வரிசையாக அடுக்கிவிடலாமே? மரம் அகலமாகும், உயரம் குறையும். இந்த மரத்தில் வேர், கிளை, இலை என எல்லாக் கணுக்களிலும் பதிவுகள் இருக்கும்.

பி-பிளஸ் மரம் இதில் இரண்டு மாற்றங்களைச் செய்தது. பதிவுகள் அனைத்தையும் இலைகளுக்கு இறக்கிவிட்டது. மேலே உள்ள கணுக்களில் வழிகாட்டும் எண்கள் மட்டுமே இருக்கும். அடுத்து, ஒவ்வொரு இலையிலும் பக்கத்து இலையின் முகவரியை எழுதி வைத்தது. மைஎஸ்கியூஎல்லில் `SHOW INDEX FROM orders` என்று தட்டினால் திரையில் `BTREE` என்றுதான் வரும். அதை நம்பிவிட வேண்டாம். அதன் இன்னோடிபி எஞ்சினுக்குள் இருப்பது பி-பிளஸ் மரம்தான்.

இன்னோடிபியில் ஒரு பக்கம் 16 கேபி. ஆர்டர் விவரங்களைச் சேமிக்கும் ஒரு டேபிளில் ஒரு கோடிப் பதிவுகள், ஒவ்வொன்றும் 200 பைட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் சுமார் 80 பதிவுகள் அடங்கும். ஆக, பி-பிளஸ் மரத்துக்கு 1,25,000 இலைப் பக்கங்கள் வேண்டும். மேல் கணுவில் ஒரு குறிப்புக்கு 8 பைட் ஆர்டர் எண், 4 பைட் பக்க எண், கொஞ்சம் தலைப்புத் தகவல் போதும். அதனால் ஒரு பக்கத்தில் 900 குறிப்புகளுக்குக் குறையாமல் இடம் இருக்கும். இலைகளுக்கு மேலே சுமார் 140 பக்கங்கள், அவற்றுக்கு மேலே ஒரு வேர். மொத்தம் மூன்று நிலை.

இதே பதிவுகளைப் பி-மரத்தில் முழுசாக அடுக்கினால் ஒரு கணுவிலிருந்து 81 கிளைகள்தான் பிரியும். நான்கு நிலை தேவைப்படும். மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைவிட முக்கியமானது மேல் கணுக்களின் எடை. பி-பிளஸ் மரத்தில் அவை எல்லாம் சேர்ந்து 2.2 எம்பி. பி-மரத்தில் சுமார் 1,500 பக்கங்கள், அதாவது 24 எம்பி. டேபிள் நூறு மடங்கு வளரும்போது முதலாவது நினைவகத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். இரண்டாவது இடத்துக்காக மற்றவற்றோடு மோத ஆரம்பிக்கும்.

பி-மரத்துக்கு ஒரு சலுகை உண்டு: தேடும் பதிவு மேலேயே கிடைத்துவிட்டால் இலை வரை இறங்க வேண்டியதில்லை. ஆனால் நம் கணக்கில் மேலே இருப்பவை எண்பதில் ஒரு பதிவுதான். மற்றதற்கெல்லாம் அடி வரை இறங்கியே ஆக வேண்டும்.

இனி, ஒரு மாத ஆர்டர்களை வரிசையாகக் கேட்போம்.

```sql
SELECT * FROM orders
WHERE id BETWEEN 5200001 AND 5280000
ORDER BY id;
```

எண்பதாயிரம் பதிவுகள், ஏறக்குறைய ஆயிரம் இலைகள். பி-பிளஸ் மரத்தில் முதல் எண்ணைத் தேடி ஒரே ஒருமுறை வேரிலிருந்து இறங்குகிறோம். அதன்பின் இலையிலிருந்து இலைக்கு நடை. கடைசி எண்ணைத் தாண்டியதும் நிறுத்திவிடலாம். பி-மரத்திலோ, ஓர் இலையின் 80 பதிவுகளை முடித்ததும் அடுத்த பதிவு தாய்க் கணுவில் இருக்கிறது. மேலே ஏறி அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி அடுத்த இலைக்கு இறங்க வேண்டும். உள்வழி இல்லாத பழைய ரயிலில் பெட்டி மாறுவதற்கு ஒவ்வொரு முறையும் பிளாட்பாரத்தில் இறங்கி ஏறுவதைப் போன்ற வேலை. இது ஆயிரம் தடவை நடக்கும்.

தாய்க் கணு ஏற்கெனவே நினைவகத்தில் இருக்குமே, வட்டுக்குப் போகும் எண்ணிக்கை பெரிதாகக் கூடாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தனியாக ஒரே ஒருவர் படித்துக்கொண்டிருந்தால் அது சரி. தரவுத்தளத்தில் யாரும் தனியாக இருப்பதில்லை. நீங்கள் இலையில் இருக்கும்போது இன்னொருவர் புதிய ஆர்டரைச் செருகுகிறார். இலை நிரம்பி இரண்டாகப் பிளக்கிறது. அதனால் தாய்க் கணுவும் மாறுகிறது. "தாயின் 37-வது இடத்திலிருந்து இறங்கி வந்தேன்" என்ற உங்கள் நினைவு இப்போது பொய். இதைத் தவிர்க்க வேரிலிருந்து இலை வரை வழி முழுவதையும் பூட்டி வைக்க வேண்டும். அப்போது எழுத வருபவர்கள் காத்துக் கிடப்பார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் வேரிலிருந்து புதிதாகத் தேட வேண்டும். இலைச் சங்கிலியில் மேலே போகவே தேவையில்லை என்பதால் இந்தச் சிக்கல் பெருமளவு விலகுகிறது. பக்கத்து முகவரியின் இந்தப் பயனை லேமன், யாவ் இருவரும் 1981-ல் ஒரு முழு வழிமுறையாக்கினார்கள். தேடி வந்தவர் பக்கம் பிளந்திருப்பதைக் கண்டால் வலப்புறம் ஓர் அடி நகர்ந்தால் போதும். போஸ்ட்கிரெஸ் இன்றும் அந்த வழியில்தான் இயங்குகிறது.

இதற்கு எதிர்ச்சான்று போலத் தெரியும் ஒன்று உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. எஸ்கியூலைட் தன் டேபிள்களைப் பி-பிளஸ் மரமாகவும் இண்டெக்ஸ்களைப் பழைய பி-மரமாகவும் வைத்திருக்கிறது. இண்டெக்ஸில் தேடும் மதிப்பே பதிவு; அதை மேலே ஒரு முறை, இலையில் ஒரு முறை என்று இரண்டு தடவை எழுதுவது இட விரயம். அதன் இலைகளில் பக்கத்து முகவரியும் கிடையாது. வந்த வழியை நினைவில் வைத்து ஏறி இறங்குகிறது. எப்படிச் சமாளிக்கிறது? ஒரு கோப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம் என்பது அதன் சட்டம். கூட்டம் இல்லாத இடத்தில் சங்கிலிக்கு அவசியம் குறைவு.

சங்கிலி இருந்தாலும் அது கெட்டுப்போகலாம். இன்னோடிபி 64 பக்கங்களை ஒரு தொகுதியாக வைத்திருக்கிறது. அதில் 56 பக்கங்கள் வரிசையாகப் படிக்கப்பட்டால் அடுத்த தொகுதியைக் கேட்காமலே எடுத்து வைக்கும். அடுத்தடுத்த இலைகள் வட்டிலும் அடுத்தடுத்து இருந்தால்தான் இதனால் பயன். முதன்மை எண்ணாகச் சீரற்ற யுயுஐடியைப் பயன்படுத்தினால் புதிய பதிவுகள் கண்ட இடத்தில் செருகப்படும். இலைகள் பிளந்து பாதி காலியாக நிற்கும்; பக்கத்து இலை வட்டின் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். பதிவுகளின் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவுக்கு டேபிள் வீங்கியிருப்பது இதன் அடையாளம். `OPTIMIZE TABLE` கட்டளை டேபிளை மறுபடி ஒழுங்காக அடுக்கித் தரும். ஆனால் சீரற்ற எண்கள் தொடர்ந்து வந்தால் பழைய நிலை திரும்பிவிடும். புதிய டேபிள் அமைக்கும் வாய்ப்பு உங்களிடம் இருந்தால், வரிசையாக ஏறும் எண்ணையே முதன்மை எண்ணாக வையுங்கள்.